ஒரே வாடிக்கையாளரை நம்பி ஓடும் நிறுவனமா? ஆண்டறிக்கையில் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கப் போகிறீர்கள், அல்லது அதற்குக் கடனில் சரக்கு கொடுக்கப் போகிறீர்கள், அல்லது அங்கே வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அதன் விற்பனையில் பாதி ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. அங்கே வாடிக்கையாளர்களின் சின்னங்களை வரிசையாக அடுக்கி, "பரவலான வாடிக்கையாளர் தளம்" என்று எழுதியிருப்பார்கள். நான் முதலில் தேடியது அங்கேதான், அப்புறம் தலைவர் உரையில். இரண்டிலும் நேரம்தான் போனது. உண்மையான எண் கணக்குக் குறிப்புகளுக்குள், ஒரு நீண்ட குறிப்பின் வாலில், இரண்டு மூன்று வரிகளாகக் கிடக்கும். பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. அதைக் கண்டுபிடித்து, அதிலிருந்து என்ன புரிந்துகொள்ளலாம் என்று பார்ப்பதற்கான வழி இது.

## 1. எந்தெந்த ஆவணம் வேண்டும்

இரண்டு ஆண்டறிக்கைகள் போதும்: கடைசியாக வந்தது, அதற்கு முந்தையது. இரண்டும் நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலோ பங்குச் சந்தையின் தளத்திலோ இலவசமாகக் கிடைக்கும். இதற்காகக் காசு கட்டித் தரவுத்தளம் எதையும் வாங்க வேண்டாம். அவையும் பெரும்பாலும் இதே குறிப்பிலிருந்து எடுத்துத்தான் போடுகின்றன. "வாடிக்கையாளர் அ" என்று அறிக்கையில் இருந்தால் அவற்றிலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

நிறுவனம் சமீபத்தில்தான் சந்தைக்கு வந்தது என்றால், பங்கு வெளியீட்டின்போது தாக்கல் செய்த ஆவணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையில் வாயைத் திறக்காத நிறுவனங்கள்கூட அந்த ஆவணத்தின் இடர்ப் பகுதியில், முதல் ஐந்து, முதல் பத்து வாடிக்கையாளர்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று சில ஆண்டுகளுக்கு வரிசையாகக் கொடுத்திருப்பதுண்டு. பட்டியலிட்ட பிறகு அந்த அட்டவணை காணாமல் போய்விடும். ஆகவே கிடைக்கும்போதே சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

அறிக்கையில் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு தொகுதி இருந்தால் ஒருங்கிணைந்ததை எடுங்கள். தனிக் கணக்கில் சொந்தத் துணை நிறுவனத்துக்கு விற்றதும் விற்பனையாகவே தெரியும். யாரோ ஒரு பெரிய வெளி வாடிக்கையாளர் என்று நீங்கள் நினைத்தது, அதே குழுமத்தின் விற்பனைக் கிளையாக இருக்கலாம்.

## 2. அந்த வரியைக் கண்டுபிடியுங்கள்

பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, தேடுபெட்டியில் இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்:

```
major customer
10% or more
single external customer
concentration
```

பெரும்பாலும் பிரிவுவாரித் தகவல் குறிப்பின் கடைசியில், நாடுவாரி விற்பனை அட்டவணைக்குக் கீழே வந்து நிற்பீர்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 8, பத்தி 34 சொல்வது இதுதான்: ஒரே வெளி வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அந்த உண்மையையும், அப்படிப்பட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் வந்த தொகையையும், அது எந்தப் பிரிவின் வருவாயில் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவின் இன்ட் ஏ.எஸ். 108 இதையேதான் கேட்கிறது. அமெரிக்கத் தரத்திலும் இதே 10 சதவீதக் கோடுதான்.

பன்னாட்டுத் தரத்தில் இந்த விதி, பங்கோ கடன் பத்திரமோ பொதுச் சந்தையில் புழங்கும் நிறுவனங்களுக்கானது. பட்டியலிடாத நிறுவனத்தின் கணக்கில் இந்த வரி இல்லை என்றால், பெரிய வாடிக்கையாளர் இல்லை என்று ஆகிவிடாது. சொல்ல வேண்டிய தேவை இல்லாததால் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

## 3. வரியை நிதானமாகப் படியுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். வரி சின்னதாக இருப்பதால் ஒரே மூச்சில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

"10 சதவீதத்துக்கு மேல் எந்த வாடிக்கையாளரும் இல்லை" என்ற வாக்கியத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஆளுக்கு 9 சதவீதமாக ஐந்து பேர் இருந்தாலும் இதே வாக்கியத்தை எழுதலாம். ஐந்து பேரும் ஒரே தொழிலில் இருந்தால், அந்தத் தொழில் படுக்கும்போது ஐந்து பேரும் சேர்ந்தேதான் ஆர்டரைக் குறைப்பார்கள்.

அடுத்து, வாடிக்கையாளர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சரக்கு ஒரு பெரிய விநியோகஸ்தர் வழியாகப் போனால், அவர்தான் கணக்கில் வாடிக்கையாளர். அவருக்குப் பின்னால் நூறு கடைகள் இருந்தால், 30 சதவீதம் என்பது பயமுறுத்தும் அளவுக்கு ஆபத்தானதல்ல. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். அமெரிக்காவின் சிரஸ் லாஜிக் என்ற சிப் நிறுவனம் தன் சரக்கைப் பல ஒப்பந்த உற்பத்தியாளர்களுக்கு அனுப்புகிறது. பில்லை மட்டும் பார்த்தால் வாங்குபவர்கள் பலர். ஆனால் கடைசியில் அதில் பெரும்பகுதி போய்ச் சேருவது ஆப்பிளுக்கு. அந்த நிறுவனம் இதை மறைக்காமல், 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் விற்பனையில் சுமார் 87 சதவீதம் ஆப்பிளுடையது என்று பெயரோடு எழுதியது. எல்லோரும் இவ்வளவு வெளிப்படையாக எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரே கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களை ஒரே வாடிக்கையாளராகச் சேர்த்து எண்ண வேண்டும் என்பது விதி. அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள் என்று வரும்போது மட்டும், அவற்றை ஒன்றாகப் பார்ப்பதா தனித்தனியாகப் பார்ப்பதா என்பது நிறுவனத்தின் தீர்மானத்துக்கு விடப்படுகிறது. ஆகவே அரசுக்கு விற்கும் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன், இருவரும் ஒரே முறையில்தான் எண்ணியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த எழுத்துகள். இந்த ஆண்டின் "வாடிக்கையாளர் அ"வும் போன ஆண்டு அறிக்கையின் "வாடிக்கையாளர் அ"வும் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தொகை வரிசைப்படி எழுத்து கொடுத்தால் ஆள் மாறியிருக்கலாம். இரண்டு அறிக்கைகளை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த ஆண்டு அறிக்கையில் முந்தைய ஆண்டுக்கான எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அது பழைய அறிக்கையில் "அ"வுக்குக் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் அந்த ஆண்டு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தார் என்பதையே காட்டும். அதைச் சுழியம் என்று படித்து, "புது வாடிக்கையாளர் வந்துவிட்டார்" என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

## 4. வளர்ச்சி யாருடையது என்று பிரியுங்கள்

இனி ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். போன ஆண்டு வருவாய் 720 கோடி, இந்த ஆண்டு 800 கோடி. அதாவது 11 சதவீத வளர்ச்சி. முன்பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். குறிப்பிலோ, வாடிக்கையாளர் அ: போன ஆண்டு 208 கோடி, இந்த ஆண்டு 264 கோடி என்று இருக்கிறது.

அவர் பங்கு 29 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக ஏறியிருக்கிறது. இது முதல் பார்வை. இப்போது அவரைக் கழித்துவிட்டு மற்றவர்களை மட்டும் பாருங்கள். போன ஆண்டு 512 கோடி, இந்த ஆண்டு 536 கோடி. வளர்ச்சி ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. கூடிய 80 கோடியில் 56 கோடி ஒரே ஆளிடமிருந்து வந்தது. மற்ற தொழில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த ஒரு கழித்தலைத்தான் எல்லாவற்றிலும் முதலில் செய்யச் சொல்வேன். நிமிடக்கணக்கில் முடிந்துவிடும் வேலை.

## 5. கடன் பாக்கியை அதோடு பொருத்துங்கள்

விற்பனைப் பங்கு ஒரு குறிப்பில் இருக்கும். அதே ஆள் தர வேண்டிய பாக்கி வேறொரு குறிப்பில் இருக்கும். நிதி இடர்கள் குறித்த குறிப்பில் "கடன் இடர்", அதாவது credit risk, என்ற தலைப்பைத் தேடுங்கள். பாக்கி ஒரு சிலரிடம் குவிந்திருந்தால், எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அங்கே சொல்ல வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் மொத்த வரவேண்டிய பாக்கி 190 கோடி, அதில் 45 சதவீதம் வாடிக்கையாளர் அ தர வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 85.5 கோடி. இதை அவருக்கு விற்ற 264 கோடியால் வகுத்து 365ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 118 நாள். மற்றவர்களின் பாக்கி 104.5 கோடி, விற்பனை 536 கோடி. அது 71 நாள்.

விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு வாங்குபவர், பாக்கியில் ஏறக்குறைய பாதியை வைத்திருக்கிறார். பெரிய ஆள் கேட்கும்போது நிறுவனத்தால் மறுக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் ஆண்டறிக்கையில் அரிதாகத்தான் கிடைக்கும். விலையிலும் இதே கதை நடந்திருக்கும். அதைப் பாக்கி மாதிரி எண்ணாக யாரும் தர மாட்டார்கள். வருவாய் ஏற ஏற மார்ஜின் சதவீதம் இறங்கிக்கொண்டே வந்தால் சந்தேகப்படுங்கள்.

நாள் கணக்கைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி என்பது ஆண்டின் கடைசி நாளில் எடுத்த எண். அந்த ஆள் கடைசி இரண்டு மாதங்களில் அதிகம் வாங்கியிருந்தால், பணத்தை ஒழுங்காகக் கொடுப்பவராக இருந்தாலும் நாள் கூடத் தெரியும். பாக்கியில் விற்பனை வரி சேர்ந்திருக்கும், வருவாயில் சேர்ந்திருக்காது. அதனாலும் சில நாட்கள் கூடும். போன ஆண்டுக்கும் இதே கணக்கைப் போட்டு, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

## 6. அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்

33 சதவீத விற்பனை போனால் லாபமும் 33 சதவீதம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது, அதைவிட மோசமாக நடக்கும். விற்பனை போகும்போது மூலப்பொருள் செலவு கூடவே போகும். ஆனால் வாடகையும் இயந்திரத் தேய்மானமும் நிர்வாகச் சம்பளமும் அப்படியே நிற்கும்.

நம் நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம், அதாவது வட்டி கட்டுவதற்கு முந்தைய லாபம், 96 கோடி, வட்டிச் செலவு 22 கோடி. லாப நட்டக் கணக்கைப் பார்த்து, விற்பனையோடு ஏறி இறங்கும் செலவுகளைக் கூட்டுங்கள்: மூலப்பொருள், சரக்குக் கூலி, மின்சாரத்தில் ஒரு பகுதி. அது வருவாயில் 60 சதவீதம் என்றால், ஒவ்வொரு 100 விற்பனையிலும் 40 நிலையான செலவுக்கும் லாபத்துக்கும் போகிறது. 264 கோடி போனால் இழப்பது அதில் 40 சதவீதம், ஏறக்குறைய 106 கோடி. செயல்பாட்டு லாபமே 96 கோடிதான். ஆக, மூன்றில் ஒரு பங்கு விற்பனை போனதும் மொத்த லாபமும் போய் 10 கோடி நட்டம்.

பெரிய வாடிக்கையாளர் விலையை அடித்துப் பேசியிருப்பார், அவரிடம் மார்ஜின் குறைவாகத்தான் இருக்கும் என்று வாதிடலாம். சரி, 40க்குப் பதில் 30 என்று போடுங்கள். இழப்பு 79 கோடி, மிச்சம் 17 கோடி. வட்டிக்கு 22 கோடி வேண்டும். அப்போதும் போதவில்லை. நிர்வாகம் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது, ஆட்களைக் குறைக்கும், ஒரு பிரிவை மூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும், இழப்பீடும் கொடுக்க வேண்டிவரும். வட்டி அதுவரை காத்திருக்காது.

இதனால்தான் 20 சதவீதம் ஆபத்து, 40 சதவீதம் பேராபத்து என்று பொதுவாக ஒரு கோடு போட முடியாது. கடனே இல்லாமல், நிலையான செலவு குறைவாக உள்ள நிறுவனம் 40 சதவீதத்தை இழந்தும் நிமிரலாம். கடன் வாங்கி, அந்த ஒரே வாடிக்கையாளருக்கென்றே ஆலை கட்டிய நிறுவனத்துக்கு 20 சதவீதம் போனாலே மூச்சு முட்டும். ஆகவே முதலீட்டுச் செலவு பற்றிய பகுதியில், "குறிப்பிட்ட வாடிக்கையாளரின் தேவைக்காக" என்ற மாதிரி வாசகம் வருகிறதா என்றும் தேடுங்கள்.

## 7. அவரைப் பிடித்து வைத்திருப்பது எது

இதுவரை பார்த்தது பங்கின் அளவு. அடுத்த கேள்வி, அவர் விலகுவது எவ்வளவு எளிது என்பது. இடர்ப் பகுதியிலும் ஒப்பந்தக் குறிப்புகளிலும் மூன்றைத் தேடுங்கள்: ஒப்பந்தம் எப்போது முடிகிறது, குறைந்தபட்சக் கொள்முதல் உறுதி இருக்கிறதா, எவ்வளவு முன்னறிவிப்போடு விலகலாம். "நீண்டகால உறவு" என்ற சொல்லுக்கு இந்த மூன்றிலும் இடம் கிடையாது. பல தொழில்களில் பல ஆண்டு ஒப்பந்தம் என்று சொல்வது வெறும் விலைச் சட்டகம்தான். எவ்வளவு வாங்குவது என்பது மாதாமாதம் வரும் ஆர்டரில்தான் முடிவாகும்.

பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் கதையை இதற்காகவே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அது கைபேசிச் சிப்களுக்கான கிராபிக்ஸ் வடிவமைப்பை உரிமம் கொடுத்து வந்தது. 2016 ஏப்ரலில் முடிந்த ஆண்டில் அதன் வருவாய் 12 கோடி பவுண்டு, அதில் 6.07 கோடி ஆப்பிள் கொடுத்த உரிமக் கட்டணமும் ராயல்டியும். 2017 ஏப்ரல் 3 அன்று நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இன்னும் 15 மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள், தன் புதிய தயாரிப்புகளில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. அன்றே பங்கு விலை 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அந்த ஆண்டே நிறுவனம் 55 கோடி பவுண்டுக்குக் கைமாறுவதாக அறிவிப்பு வந்தது.

அறிவிப்பு வந்த நாளில் பணம் வருவது நிற்கவில்லை. ராயல்டி இன்னும் பல மாதங்களுக்கு வரவேண்டியிருந்தது. ஆனாலும் சந்தை காத்திருக்கவில்லை. அந்த வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போகவும் இல்லை. சொந்தமாகவே செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தார். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கும் நிறுவனத்தைப் பார்க்கும்போது, "வேறு யாரிடம் வாங்குவார்?" என்பதோடு "தானே செய்துகொள்வாரா?" என்றும் கேளுங்கள். அந்த வாடிக்கையாளர் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் அவருடைய ஆண்டறிக்கையையும் திறந்து, அதே துறையில் ஆலையோ ஆய்வுக்கூடமோ கட்டுகிறாரா என்று பாருங்கள்.

## 8. சப்ளையர் பக்கம்

இங்கே தேடல் கடினம். வாடிக்கையாளருக்கு இருப்பதைப் போல ஐ.எஃப்.ஆர்.எஸ். 8இல் சப்ளையருக்கு 10 சதவீத விதி கிடையாது. எனவே நாட்டுக்கு நாடு மாறும். ஹாங்காங்கில் பட்டியலிட்ட நிறுவனங்கள், மிகப் பெரிய சப்ளையர் ஒருவரின் பங்கையும் முதல் ஐவரின் கூட்டுப் பங்கையும் இயக்குநர் அறிக்கையில் தர வேண்டும், வாடிக்கையாளருக்கும் அப்படியே. ஐவரின் கூட்டு 30 சதவீதத்துக்குக் கீழே என்றால், அதைச் சொன்னாலே போதும். இந்தியாவில் பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களின் பொறுப்புணர்வு அறிக்கையில், கொள்முதலில் எத்தனை சதவீதம் இடைத்தரகு வணிக நிறுவனங்கள் வழியாக வருகிறது, அதில் முதல் பத்துப் பேரின் பங்கு என்ன என்று ஓர் அட்டவணை உண்டு. இதை உற்பத்தியாளர் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடைத்தரகு வணிகர்களை மட்டும்தான் அது காட்டும்.

மற்ற இடங்களில் இடர்ப் பகுதியில் இவற்றைத் தேடிப் பாருங்கள்:

```
sole source
single source
limited number of suppliers
```

சப்ளையர் சார்பு விற்பனைச் சார்பைப் போல லாபத்தில் மெதுவாகத் தெரியாது. ஒரு பாகம் வராமல் போனால், மற்ற தொண்ணூற்றொன்பது பாகங்கள் கையில் இருந்தும் பொருள் வெளியே போகாது. எனவே கொள்முதல் சதவீதத்தை விட, மாற்று சப்ளையரை ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்பதே முக்கியம். மருந்து, விமானம், வாகனம் மாதிரி துறைகளில் சோதனையும் ஒப்புதலும் முடியாமல் மாற்ற முடியாது. கொள்முதலில் 3 சதவீதமே உள்ள சப்ளையர்கூட ஆலையை நிறுத்திவிடலாம். சப்ளையர்களுக்குக் கொடுத்த முன்பணம் திடீரென்று ஏறியிருந்தால், சரக்கு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது என்று பொருளாக இருக்கலாம். சார்புடைய தரப்பினர் குறிப்பையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரே சப்ளையராக நிற்பது முதலாளியின் இன்னொரு நிறுவனமாகவும் இருக்கலாம்.

## 9. எப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்

பெரிய வாடிக்கையாளரைப் பற்றிய அந்த வரி ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். காலாண்டு முடிவுகளில் அதைத் தர வேண்டும் என்று பன்னாட்டுத் தரம் கேட்பதில்லை. அமெரிக்க நிறுவனங்கள் பல காலாண்டு அறிக்கையிலும் தருகின்றன. மற்ற இடங்களில், ஆண்டு முடிந்து பல மாதம் கழித்து வரும் அறிக்கையில் நீங்கள் படிப்பது, சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல் பழைய ஆர்டர்களின் கணக்கு.

இடைப்பட்ட காலத்தில் பார்க்க வேண்டியவை பங்குச் சந்தை அறிவிப்புகளும், ஒப்பந்தம் முடியும் மாதமும், அந்தப் பெரிய வாடிக்கையாளரின் காலாண்டு முடிவுகளும். அவருடைய கையிருப்புச் சரக்கு விற்பனையைவிட வேகமாக ஏறினால், அடுத்த சில மாதங்களில் அவர் வாங்குவதைக் குறைக்க வாய்ப்பு அதிகம். நிறுவனம் முதலீட்டாளர்களோடு நடத்தும் தொலைபேசி அழைப்பில் கேள்வி கேட்க இடம் கிடைத்தால், "உங்கள் பெரிய வாடிக்கையாளர் யார்?" என்று கேட்காதீர்கள், ரகசிய ஒப்பந்தம் என்று முடித்துவிடுவார்கள். "அவரைத் தவிர்த்த வருவாய் இந்தக் காலாண்டில் எத்தனை சதவீதம் வளர்ந்தது?" என்று கேளுங்கள். இதற்குப் பெயர் சொல்லாமலே பதில் தரலாம் என்பதால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.